“வகுப்பு எப்படி இருந்தது?” என்று கேட்காதீர்கள்!

வீட்டில் கம்ப்யூட்டர் வாங்கியவுடன் பலரும் அதை வைத்து ஏதேனும் வகுப்பு எடுக்கத் தொடங்கி விடுகிறார்கள். டைப்பிங், எக்ஸெல், ஸ்போக்கன் இங்கிலீஷ், ஓவியம், தையல் எனப் பலவகை வகுப்புகள். வகுப்பு முடியும் நாளில் ஒரு படிவத்தைக் கொடுத்து, “வகுப்பு எப்படி இருந்தது? 5க்கு எத்தனை மதிப்பெண்?” என்று கேட்பதும் வழக்கமாகி விட்டது. கூகுள் ஃபார்ம்ஸ் இலவசமாகக் கிடைப்பதால் படிவம் தயாரிக்கப் பத்து நிமிடம் போதும். ஆனால் வந்த விடைகளை வைத்துக்கொண்டு மறுநாள் வகுப்பில் எதை மாற்றுவது என்றால் பதில் இருக்காது. இந்தக் கட்டுரையில், ஆசிரியருக்கு உபயோகப்படும் விடைகளைத் தரும் படிவத்தை எப்படி அமைப்பது, வந்த விடைகளை எப்படி எண்ணிப் பார்ப்பது என்று ஓர் எடுத்துக்காட்டின் மூலம் பார்ப்போம்.

4.3 மதிப்பெண் சொல்லாதது

ஓர் ஆசிரியை வீட்டு மாடியில் எட்டு வாரக் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்துகிறார் என்று வைத்துக் கொள்வோம். பன்னிரண்டு கம்ப்யூட்டர்கள், 24 மாணவர்கள், ஒரு கம்ப்யூட்டருக்கு இருவர். வாரம் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் ஒரு மணி நேரம். கடைசி நாளன்று படிவம் கொடுத்தார். எட்டுப் பேர் 5 மதிப்பெண்ணும், எட்டுப் பேர் 4 மதிப்பெண்ணும், இருவர் 3 மதிப்பெண்ணும் கொடுத்தார்கள். கூட்டினால் 78, அதை 18ஆல் வகுத்தால் சராசரி 4.3. மகிழ்ச்சியான எண்தான்.

சேர்ந்தது 24 பேர். விடை கொடுத்தது 18 பேர். மீதி ஆறு பேர் எங்கே? ஐந்தாவது, ஆறாவது வாரத்தில் எக்ஸெல் பாடம் நடக்கும்போது நின்று விட்டார்கள். எங்கே தவறு என்று நன்கு தெரிந்தவர்கள் அந்த ஆறு பேர்தான். கடைசி நாளில் கேட்டதால் அவர்களிடம் கேட்கவே இல்லை. தாக்குப் பிடித்தவர்களின் திருப்திதான் 4.3 ஆகத் தெரிகிறது.

ஆகவே முதல் விதி, கேட்கும் நேரம். படிவத்தை வகுப்பின் நடுவில் கொடுக்க வேண்டும். எட்டு வார வகுப்பென்றால் நான்காம் வார முடிவு, அல்லது கடினமான பாடம் தொடங்கி ஒரு வாரம் கழித்து. அப்போது கேட்டால் நின்று போக இருப்பவர் இன்னும் வகுப்பில் இருப்பார். அவர் சொல்லும் குறையைச் சரிசெய்தால் அதன் பலனும் அவருக்கே கிடைக்கும் என்பதால், அக்கறையோடு விடை தருவார்.

முடிவை முதலில் எழுதுங்கள், கேள்வியைப் பிறகு

நமது ஆசிரியை அடுத்த அணிக்கு ஐந்தாம் வார முடிவில் படிவம் கொடுக்கத் தீர்மானிக்கிறார். இந்த அணியில் 22 பேர். கம்ப்யூட்டரைத் தொடும் முன் ஒரு தாளை எடுத்து, தம்மால் மாற்றக் கூடியவை எவை என்று எழுதுகிறார்:

1. ஒரு பாடத்தை மீண்டும் நடத்தலாம்.
2. விளக்கும் நேரத்தைக் குறைத்து, மாணவர் செய்து பார்க்கும் நேரத்தைக் கூட்டலாம்.
3. இருவரில் யார் எப்போது கீபோர்டைப் பிடிப்பது என்று விதி வைக்கலாம்.
4. வகுப்புக்கு வராதவர்களுக்குக் குறிப்புத் தாள் கொடுக்கலாம்.

இன்னும் பன்னிரண்டு கம்ப்யூட்டர்கள் வாங்குவது அவரால் இயலாது. எனவே “கம்ப்யூட்டர்கள் போதுமா?” என்ற கேள்வி படிவத்தில் வராது. அது எதிர்பார்ப்பை வளர்த்து, பின் ஏமாற்றத்தைத்தான் தரும். யார் எத்தனை நாள் வரவில்லை என்பது வருகைப் பதிவேட்டில் இருக்கிறது. அதையும் கேட்க வேண்டியதில்லை.

ஒவ்வொரு கேள்வியையும் எழுதிய பின் இப்படிச் சோதித்துப் பாருங்கள்: “பாதிப் பேர் இந்த விடையைக் கொடுத்தால் திங்கட்கிழமை நான் என்ன செய்வேன்?” பதில் இல்லை என்றால் அந்தக் கேள்வியை அடித்து விடுங்கள். “ஆசிரியர் தெளிவாகவும் பொறுமையாகவும் நடத்துகிறாரா?” என்ற கேள்வி இந்தச் சோதனையில் உடனே விழும். அதில் இரண்டு கேள்விகள் ஒட்டிக் கொண்டிருக்கின்றன. தெளிவு உண்டு, பொறுமை இல்லை என்று நினைப்பவர் எதை டிக் செய்வார்? “ஆம்” என்று வந்தாலும் “இல்லை” என்று வந்தாலும் ஆசிரியைக்கு மாற்ற ஒன்றும் கிடைக்காது.

அபிப்பிராயம் வேண்டாம், நடந்ததைக் கேளுங்கள்

“பயிற்சிக்குப் போதிய நேரம் கிடைக்கிறதா?” என்று கேட்டால் மரியாதைக்காகவே பலர் “கிடைக்கிறது” என்பார்கள். அதே விஷயத்தை நடந்த செயலாக மாற்றிக் கேளுங்கள்:

“சென்ற எக்ஸெல் வகுப்பில் கீபோர்டும் மவுஸும் உங்கள் கையில் ஏறக்குறைய எவ்வளவு நேரம் இருந்தன?”

- 15 நிமிடத்திற்கும் குறைவு
- 15 முதல் 30 நிமிடம்
- 30 நிமிடத்திற்கும் அதிகம்

இதில் யாரையும் புகழவோ குறை சொல்லவோ தேவையில்லை. நினைவுபடுத்திச் சொன்னால் போதும். “வழக்கமாக” என்று கேட்காமல் “சென்ற வகுப்பில்” என்று கேட்டிருப்பதைக் கவனியுங்கள். ஒரு குறிப்பிட்ட நாளை நினைத்துச் சொல்வது எளிது.

இதைப் போலவே இரண்டாவது கேள்வி: “கடந்த ஏழு நாட்களில் வகுப்புக்கு வெளியே கம்ப்யூட்டரில் பயிற்சி செய்தீர்களா?” விடைகள்: “இல்லை”, “ஆம்”.

பாடத்தைத் துண்டு துண்டாகக் கேளுங்கள்

“எக்ஸெல் புரிந்ததா?” என்பது மிகப் பெரிய கேள்வி. ஐந்து வாரத்தில் நடத்தியவற்றுள் ஐந்து வேலைகளை ஆசிரியை பொறுக்கி எடுக்கிறார்: வேர்டில் அட்டவணை போடுதல், SUM கொண்டு கூட்டுதல், $ குறியிட்ட ஃபார்முலாவைக் கீழே இழுத்தல், பெயர்களை அகர வரிசைப்படுத்துதல், ஒரே பக்கத்தில் அடங்குமாறு அச்சிடுதல்.

$ குறி பற்றி ஒரு வார்த்தை. B2 முதல் பொருட்களின் விலைகளும், E1 செல்லில் வரி விகிதமும் இருப்பதாகக் கொள்வோம். C2 செல்லில் =B2*E1 என்று எழுதிக் கீழே இழுத்தால், அடுத்த வரியில் அது =B3*E2 ஆகிவிடும். E2 காலியாக இருப்பதால் விடை 0. இதைத் தவிர்க்க =B2*$E$1 என்று எழுத வேண்டும். பார்ப்பதற்கு எளிது, செய்யும்போது கை தடுமாறும் இடம்.

ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியே ஒரு கேள்வி. நான்கு விடைகளும் எல்லாவற்றுக்கும் பொது:

- உதவியின்றி நானே செய்வேன்
- செய்து காட்டும்போதே புரியவில்லை
- பார்க்கும்போது புரிந்தது. நானே செய்யும்போது வரவில்லை
- அன்று வகுப்புக்கு வரவில்லை

இந்தப் படிவத்தின் உயிர் இந்த நான்கு விடைகளில்தான் இருக்கிறது. முதல் விடைக்கு ஒன்றும் செய்ய வேண்டாம். இரண்டாவது வந்தால், வேறு எடுத்துக்காட்டோடு மீண்டும் விளக்க வேண்டும். மூன்றாவது வந்தால் விளக்கம் சரியாகவே இருக்கிறது. செய்து பார்க்கும் நேரம்தான் போதவில்லை. நான்காவதுக்குக் குறிப்புத் தாள். “கடினம், நடுத்தரம், எளிது” என்று கேட்டிருந்தால் இரண்டாவதும் மூன்றாவதும் ஒரே “கடினம்” ஆகிவிடும். அதைப் பார்த்த ஆசிரியை இன்னும் நீளமாக விளக்கத் தொடங்குவார். விளக்கம் நீண்டால் பயிற்சி நேரம் மேலும் குறையும். குறை கூடத்தான் செய்யும்.

எழுதச் சொல்லும் கேள்வி ஒன்றே போதும்

“வேறு கருத்துகள்?” என்று விட்டால் “நன்று”, “ஒன்றுமில்லை” என்றுதான் வரும். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் கற்பித்த ஃபிரெடெரிக் மாஸ்டெல்லர், வகுப்பின் இறுதியில் மாணவர்களிடம் எந்த இடம் மிகவும் கலங்கலாக இருந்தது என்று ஒரு தாளில் எழுதி வாங்கினார். இந்த முறை குறித்து 1989ல் கட்டுரையும் எழுதினார். கலங்கல் இருக்கிறதா என்று அவர் கேட்கவில்லை. எங்கே என்றுதான் கேட்டார். எனவே குறை சொல்கிறோமே என்ற தயக்கம் மாணவருக்கு எழுவதில்லை. நமது ஆசிரியை இதையே இப்படி மாற்றிக் கொள்கிறார்:

“திங்கட்கிழமை 15 நிமிடம் கூடுதலாகக் கிடைத்தால் எந்த ஒன்றைத் திரும்ப நடத்த வேண்டும்? அதில் எந்த இடத்தில் நின்று விடுகிறீர்கள்?”

இனி படிவத்தைத் தயாரிப்போம்

1. பிரவுசரில் forms.google.com என டைப் செய்து, உங்கள் கூகுள் கணக்கில் நுழையுங்கள். `Blank form` என்பதைத் தேர்ந்தெடுக்கவும். தலைப்பாக “ஐந்தாம் வாரக் கருத்துப் படிவம்” எனக் கொடுங்கள். அதன் கீழே, “பெயர் வேண்டாம். நான்கு நிமிடம் ஆகும். வரும் வாரப் பாடத்தை மாற்றி அமைப்பதற்காகக் கேட்கிறேன்” என்று எழுதுங்கள்.

2. முதல் கேள்வியை டைப் செய்து, வகையாக `Multiple choice` என்பதைத் தேர்வு செய்யுங்கள். விடைகளை வரிசையாகக் கொடுங்கள். கேள்வியின் கீழே உள்ள `Required` பட்டனை ஆன் செய்யுங்கள். இரண்டாவது கேள்வியையும் இவ்வாறே அமையுங்கள்.

3. வேலைகள் பற்றிய ஐந்து கேள்விகளுக்கும் விடைகள் ஒன்றே. எனவே ஒன்றை மட்டும் முழுதாகத் தயாரித்து, கேள்வியின் அடியில் உள்ள `Duplicate` ஐகானை நான்கு முறை க்ளிக் செய்து, கேள்வியை மட்டும் மாற்றினால் போதும். `Multiple choice grid` என்ற வகையில் ஐந்தையும் ஒரே கட்டத்தில் அடக்கி விடலாமே என்று தோன்றும். கம்ப்யூட்டர் திரையில் அது அழகாகத்தான் இருக்கும். ஆனால் மாணவர்கள் மொபைலில்தான் திறப்பார்கள். நீளமான விடைகள் சிறிய திரையில் அடங்காமல் வலப்பக்கம் மறைந்து விடலாம். மறைந்ததை யாரும் தேடி டிக் செய்ய மாட்டார்கள்.

4. கடைசிக் கேள்விக்கு `Paragraph` வகை. இதற்கு `Required` வேண்டாம். கட்டாயப்படுத்தினால் ஒரு புள்ளியை வைத்து விட்டுப் போய் விடுவார்கள்.

5. மேலே உள்ள `Settings` டேபில் `Responses` பகுதியைத் திறந்து, `Collect email addresses` என்பதில் `Do not collect` இருக்கிறதா என்று பாருங்கள். `Limit to 1 response` என்பதை ஆஃபிலேயே விடுங்கள். ஆன் செய்தால் கூகுள் கணக்கில் நுழையச் சொல்லும். பெயர் தெரிந்து விடுமோ என்று மாணவர்கள் பயப்படுவார்கள்.

6. `Publish` என்பதை க்ளிக் செய்து, லிங்க் உள்ள எவரும் விடையளிக்கும்படி வைத்து, லிங்கை நகல் எடுத்து வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் அனுப்புங்கள்.

அனுப்பும் முன் ஒருவரை அருகில் அமர்த்தி, கேள்விகளை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். அவர் எங்கே தயங்குகிறாரோ அந்தக் கேள்வியைத் திருத்த வேண்டும்.

ரகசியம் பற்றி ஓர் எச்சரிக்கை. 22 பேர் உள்ள வகுப்பில் வயது, ஊர், ஆணா பெண்ணா என்று கேட்டாலே யாரென்று தெரிந்து விடும். விடைகளோடு பதிவாகும் நேரமும் காட்டிக் கொடுக்கும். எனவே லிங்கைத் தனித்தனியாக அனுப்பாமல், ஒரே நேரத்தில் எல்லோருக்கும் அனுப்பி, வகுப்பின் கடைசி ஐந்து நிமிடத்தில் எல்லோரையும் ஒன்றாக நிரப்பச் சொல்லுங்கள். அந்த ஐந்து நிமிடம் நீங்கள் அறைக்கு வெளியே இருங்கள்.

விடைகளை எண்ணுவோம்

22 பேரில் 20 பேர் விடையளித்தனர். படிவத்தின் `Responses` டேபில் `Link to Sheets` என்பதை க்ளிக் செய்தால் எல்லா விடைகளும் ஓர் அட்டவணையாகத் திறக்கும். முதல் வரியில் கேள்விகள். 2 முதல் 21 வரை விடைகள். A நெடுவரிசையில் நேரம், B-யில் கீபோர்டு கேள்வி, C-யில் வெளிப் பயிற்சி, D முதல் H வரை ஐந்து வேலைகள், I-யில் எழுதிய விடை. $ குறி பற்றிய கேள்வி F-இல் உள்ளது.

வலப்பக்கம் உள்ள காலி செல் ஒன்றில் இதை டைப் செய்யுங்கள்:

```
=COUNTIF(F2:F21,"உதவியின்றி*")
```

உதவியின்றி என்று தொடங்கும் விடைகளை இது எண்ணும். * குறி “இதற்குப் பின் எது வந்தாலும் சரி” என்று பொருள்படும். விடை 9. மற்ற நான்கு வேலைகளில் 15 பேருக்கு மேல் தாமே செய்வதாகச் சொல்லியிருந்தனர். எனவே சிக்கல் $ குறியில்தான். “பார்க்கும்போது*” என்று மாற்றி எண்ணினால் 8. “செய்து*” என்றால் 2. “அன்று*” என்றால் 1.

ஆசிரியை இந்த இடத்தில் ஆச்சரியப்பட்டார். $ குறியை மீண்டும் ஒரு முழு வகுப்பு விளக்கலாம் என்றுதான் அவர் எண்ணியிருந்தார். விளக்கம் புரியாதவர்கள் இருவர் மட்டுமே! அப்படியானால் அந்த எட்டுப் பேருக்கு ஏன் செய்ய வரவில்லை? இரண்டு விடைகளைச் சேர்த்து எண்ணினால் தெரியும்:

```
=COUNTIFS(F2:F21,"பார்க்கும்போது*",B2:B21,"15 நிமிடத்திற்கும்*")
```

விடை 7. அதாவது எட்டுப் பேரில் ஏழு பேருக்குக் கீபோர்டு 15 நிமிடம் கூடக் கிடைக்கவில்லை. இதோடு முடிவுக்கு வந்து விடக்கூடாது. வகுப்பில் எல்லோருக்குமே கீபோர்டு குறைவாகக் கிடைத்திருந்தால் இந்த ஏழுக்கு அர்த்தம் இல்லை. எனவே மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 15 நிமிடத்திற்கும் குறைவு என்றவர்கள் மொத்தம் 10 பேர். அவர்களில் $ குறியைத் தாமே செய்பவர் ஒருவர்தான். மீதிப் பத்துப் பேரில் தாமே செய்பவர்கள் எட்டுப் பேர். வித்தியாசம் கண்ணுக்குத் தெரிகிறது.

வீட்டில் பயிற்சி இல்லாததுதான் காரணமோ? அதையும் C நெடுவரிசை சொல்லும். வெளியே பயிற்சி இல்லை என்றவர்கள் 12 பேர். அவர்கள் கீபோர்டு குறைவாகக் கிடைத்த பத்துப் பேரில் ஆறு, மற்ற பத்துப் பேரில் ஆறு எனச் சமமாகவே இருந்தனர். ஆகவே அது காரணமாகத் தெரியவில்லை. இருவர் அமரும் கம்ப்யூட்டரில் ஒருவர் டைப் செய்ய, மற்றவர் பார்த்துக் கொண்டே இருக்கிறார், அதுதான் விஷயம். எழுத்து விடைகளில் “இழுக்கும்போது எங்கே $ போடுவது என்று மறந்து விடுகிறது” என்பது போன்ற வரிகளும் இதையே காட்டின.

20 பேரின் விடையைச் சதவீதமாக மாற்றாதீர்கள். “பத்தில் ஒருவர்”, “பத்தில் எட்டுப் பேர்” என்று ஆட்களாகவே படியுங்கள். நிமிடக் கணக்கும் மாணவர்களின் ஊகம்தான். எனவே அடுத்த வகுப்பில் ஒரு முறை அறையின் பின்புறம் நின்று, யார் கையில் கீபோர்டு இருக்கிறது என்று நீங்களே பார்த்து உறுதி செய்து கொள்ளுங்கள்.

திங்கட்கிழமை செய்தது

ஆசிரியை மூன்று மாற்றங்கள் செய்தார். விளக்கத்தை 15 நிமிடத்தில் முடித்தார். மீதி 45 நிமிடத்தில் பாதி ஆனதும் மணி அடித்து, கீபோர்டை அடுத்தவருக்கு மாற்றச் சொன்னார். $ குறிப் பயிற்சிக்கு விலைப் பட்டியல் ஒன்றை அச்சிட்டுக் கொடுத்தார். வராதவருக்கும் அதுவே குறிப்புத் தாள். விளக்கமே புரியாத இருவர் யாரென்று அவருக்குத் தெரியாது, தெரிந்து கொள்ளவும் முயலவில்லை. எல்லோருக்கும் பொதுவாகப் புதிய எடுத்துக்காட்டு ஒன்றைச் செய்து காட்டினார்.

வகுப்பின் தொடக்கத்தில், “இருபது பேர் விடை தந்தீர்கள். பாதிப் பேருக்குக் கீபோர்டு கிடைக்கவில்லை என்று தெரிந்தது. இன்று முதல் பாதி நேரத்தில் கைமாற்ற வேண்டும்” என்று சொன்னார். இப்படிச் சொல்லாவிட்டால் அடுத்த படிவத்தை யாரும் மதித்து நிரப்ப மாட்டார்கள்.

மூன்று வாரம் கழித்து F நெடுவரிசைக் கேள்வியை மட்டும் அதே வார்த்தைகளில் மீண்டும் கேளுங்கள். ஒரு சொல்லை மாற்றினாலும் பழைய எண்ணோடு ஒப்பிட முடியாது. “நானே செய்வேன்” என்று சொல்வதும் செய்வதும் ஒன்றல்ல என்பதால், அன்றே ஐந்து விலைகளும் ஒரு வரி விகிதமும் கொடுத்து, ஃபார்முலாவை இழுக்கச் சொல்லுங்கள். கீழே 0 வந்தவர்களை எண்ணினால், மாற்றம் பலன் தந்ததா என்பது அந்த வகுப்பு முடிவதற்குள் தெரிந்து விடும்.